ஒரே பில்... ரெண்டு பேமென்ட்!

ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிப்போம். உங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துல அஞ்சாயிரம் ரூபாய் வரைக்கும் ஹெச்.ஓ.டி. கையெழுத்து போதும், அதுக்கு மேல போனா பிரின்சிபால் ரூம் வாசல்ல நிக்கணும்னு ஒரு ரூல் இருக்குனு வைங்க. பேனர் செலவு மொத்தம் 9,600. டிரெஷரர் என்ன பண்ணுவார்? "அண்ணே, 4,800, 4,800-னு ரெண்டு பில்லா போட்டுக் குடுங்க!" முடிஞ்சது வேலை.

இதுக்கு கம்பெனி பாஷையில பேரு, பில்லை உடைக்கிறது. கூடப் பிறந்த இன்னொரு ஐட்டமும் இருக்கு. ஒரே பில்லுக்கு ரெண்டு தடவை பணம் போறது. இந்த ரெண்டையும் கம்பெனியோட கொள்முதல் கணக்குல தேடிக் கண்டுபிடிச்சு, இன்டர்னல் ஆடிட்ல இருக்கிற ரிவ்யூவர் மேஜையில வைக்கிறதுதான் இந்த செமஸ்டர் லீவுல எனக்குக் கிடைச்ச இன்டர்ன்ஷிப் வேலை. மெக்கானிக்கல் படிக்கிற பையனுக்கு பில்லோட என்ன வேலைன்னு கேக்காதீங்க. ஒரு தொழிற்சாலையில எந்த மெஷின் எப்போ நின்னுச்சு, எந்த வயர் எங்க போச்சுங்கிற கதையெல்லாம் பில்லுலதான் இருக்கு.

ஒரு வருஷக் கணக்கு, சுமார் ஒன்பதாயிரம் வரி, எக்ஸெல் ஷீட்டா கைக்கு வந்துச்சு. அதுல இருந்து ரெண்டே ரெண்டு கேஸை மட்டும் இந்த வாரம் பிரிச்சு மேயலாம்.

கேஸ் நம்பர் 1: ஒரு பூஜ்யம் பண்ணின வேலை

"ஒரே பில்லை ரெண்டு தடவை ஏத்தினா சாஃப்ட்வேரே கத்தாதா பாஸ்?"னு கேப்பீங்க. கத்தும். ஆனா, அதுக்குக் கொஞ்சம் பார்வை கம்மி! கம்பெனி சாஃப்ட்வேர் பில் நம்பரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரு எழுத்து மாறினாலும் அதுக்கு அது வேற பில்.

எங்க கம்பெனியில நடந்தது இதுதான். ஏர் கம்ப்ரஸர் சர்வீஸுக்கு ஒரு பில். தேதி 12-08-2024. நம்பர் CS/24-25/0318. சர்வீஸ் சார்ஜ் 46,500, பதினெட்டு சதவிகித ஜி.எஸ்.டி. 8,370, மொத்தம் 54,870 ரூபாய். ஆகஸ்ட் 20-ம் தேதி கணக்குல ஏத்தியாச்சு. செப்டம்பர் 27-ம் தேதி பணமும் போயாச்சு.

நடுவுல என்னாச்சுன்னா, செப்டம்பர் பாதி வரைக்கும் பணம் வரலையேனு சர்வீஸ் கம்பெனிக்காரர் பில்லோட ஸ்கேன் காப்பியை மெயின்டனன்ஸ் டிபார்ட்மென்ட்டுக்கு அனுப்பி ஞாபகப்படுத்தினார். மெயின்டனன்ஸ்ல இருந்தவர், "ஆமா, வேலை செஞ்சாங்களே"னு காப்பியில கையெழுத்துப் போட்டு அக்கவுன்ட்ஸுக்கு அனுப்பிட்டார். வேலை நடந்தது நிஜம், கையெழுத்தும் நிஜம். அக்கவுன்ட்ஸ்ல இந்தத் தடவை வேற ஒருத்தர் அதை ஏத்தினார். அவர் டைப் பண்ணின நம்பர் CS/2425/318. கோடு ஒண்ணு போச்சு, பூஜ்யம் ஒண்ணு போச்சு. சாஃப்ட்வேர் வாயே திறக்கல. அக்டோபர் 30-ம் தேதி இன்னொரு 54,870 கிளம்பிப் போயிருச்சு.

கவனிச்சீங்களா? இதுல திருடன் யாருமே இல்ல. எல்லாரும் அவங்கவங்க வேலையை ஒழுங்கா செஞ்சிருக்காங்க. ஆனா பணம் போயிருச்சு!

இன்னொரு விஷயம். இதே மாதிரி பேரிங் வாங்கின பில்லு ரெண்டு தடவை வந்திருந்தா பெரும்பாலும் மாட்டியிருக்கும். ஏன்னா பொருள் வாங்கும்போது மூணு காகிதம் ஒத்துப்போகணும். நாம போட்ட ஆர்டர், ஸ்டோர்ஸ்ல சரக்கு வந்ததுக்குப் போடுற ரசீது, அப்புறம் வெண்டர் அனுப்புற பில். நூறு பேரிங் வந்ததுக்கு நூறுக்கு பில் ஏத்தியாச்சுன்னா, ரெண்டாவது பில்லுக்கு ஸ்டோர்ஸ் ரசீதுல மிச்சம் எதுவும் இருக்காது. சாஃப்ட்வேர் நிறுத்திடும். ஆனா சர்வீஸ், ரிப்பேர், வண்டி வாடகை இதுக்கெல்லாம் பல இடத்துல ஆர்டரே போட மாட்டாங்க. பில் வரும், ஒருத்தர் கையெழுத்துப் போடுவார், பணம் போகும். அதனால டபுள் பேமென்ட் தேடுறதா இருந்தா, முதல்ல ஆர்டர் நம்பர் காலியா இருக்கிற வரிகளைத் தனியாப் பிரிங்க. மீன் அந்தக் குளத்துலதான் ஜாஸ்தி.

எப்படிப் பிடிக்கிறது?

இங்க ஜி.எஸ்.டி. சட்டம் நமக்கு ஒரு நல்ல ஆயுதம் குடுத்திருக்கு. மத்திய ஜி.எஸ்.டி. விதிகள் 2017-ல 46-வது விதி என்ன சொல்லுதுன்னா, பில் நம்பர் பதினாறு எழுத்துக்கு மேல போகக் கூடாது. எழுத்து, எண், சின்னக் கோடு, சாய்வுக் கோடு, இவ்வளவுதான் அதுல வரலாம். முக்கியமா, ஒரு நிதியாண்டுக்குள்ள அந்த நம்பர் திரும்ப வரக் கூடாது.

அப்போ, ஒரே வெண்டர், ஒரே நிதியாண்டு, ஒரே பில் நம்பர்னு ரெண்டு வரி இருந்தா அது சந்தேகத்துக்குரியதுதான். நிதியாண்டை ஏன் சேக்கணும்னா, பல பேர் ஏப்ரல் 1-ம் தேதி மறுபடி ஒண்ணுல இருந்து நம்பர் போடுவாங்க. போன வருஷ 12-ம் நம்பரும், இந்த வருஷ 12-ம் நம்பரும் வேற வேற பில். அதைப் போய் டூப்ளிகேட்னு கொடி காட்டினா ரிவ்யூவர் நம்மளைப் பார்த்துச் சிரிப்பாங்க.

வெண்டரை அடையாளம் காண அவங்க பேரையோ, நம்ம சாஃப்ட்வேர் குடுத்த வெண்டர் கோடையோ நம்பாதீங்க. ஒரே கடைக்கு ரெண்டு கோடு இருக்கிறது ரொம்ப சாதாரணம். ஜி.எஸ்.டி. எண்ணை எடுங்க. பதினைஞ்சு எழுத்து. முதல் ரெண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து எழுத்து அப்படியே பான் நம்பர். ஒரே முதலாளி ரெண்டு மாநிலத்துல பதிவு பண்ணியிருந்தாக்கூட நடு பத்து எழுத்து காட்டிக் குடுத்துடும்.

இப்போ எக்ஸெல்லுக்கு வருவோம். A-ல ஜி.எஸ்.டி. எண், B-ல நிதியாண்டு, C-ல பில் நம்பர், D-ல மொத்தத் தொகை, E-ல பில் தேதினு வைங்க. F-ல இதைப் போடுங்க:

```
=A2&"|"&B2&"|"&SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(UPPER(C2),"/",""),"-","")," ",""),"0","")&"|"&D2
```

பில் நம்பர்ல இருக்கிற கோடு, இடைவெளி, பூஜ்யம் எல்லாத்தையும் தூக்கிட்டு, கூடவே தொகையையும் ஒட்டுறோம். CS/24-25/0318, CS/2425/318 ரெண்டுமே CS2425318-னு ஆயிடும். "பூஜ்யத்தைத் தூக்கினா 308-ம் 38-ம் ஒண்ணாயிடுமே!"ன்னா, ஆகும்தான். அதுக்குத்தான் தொகையையும் சேர்த்தோம். நம்பரும் அப்படி மோதி, தொகையும் ரூபாய் பிசகாம மோதுறது அபூர்வம். அப்புறம் G-ல:

```
=COUNTIF($F$2:$F$9500,F2)
```

ரெண்டோ அதுக்கு மேலயோ வந்தா, கொடி!

ஆனா பில்லை ஏத்தினவர் வெறும் 318-னு மட்டும் அடிச்சிருந்தாலோ, 0318-ஐ 0381-னு மாத்தி அடிச்சிருந்தாலோ இந்த வலையில மாட்டாது. அதுக்கு இன்னொரு வலை. நம்பரையே மறந்துட்டு, ஒரே வெண்டர், ஒரே தொகை, முன்ன பின்ன தொண்ணூறு நாள்:

```
=COUNTIFS(A:A,A2,D:D,D2,E:E,">="&E2-90,E:E,"<="&E2+90)
```

தொகைன்னா வரி பிடிக்கிறதுக்கு முந்தைய பில் தொகை. கைக்குப் போன தொகையை வைச்சுத் தேடினா, ஒரு தடவை டி.டி.எஸ். பிடிச்சு, இன்னொரு தடவை பிடிக்காம விட்டிருந்தா ரெண்டும் வேற வேறயா தெரியும்.

இந்த ரெண்டாவது வலையில குப்பையும் நிறைய வரும். மாச வாடகை, செக்யூரிட்டி பில், வருஷ மெயின்டனன்ஸ் கான்ட்ராக்ட் எல்லாமே ஒரே வெண்டர், ஒரே தொகைதான். அதைப் பிரிக்கிறது ஈஸி. பில்லைத் திறந்து எந்த மாசத்துக்கான சேவைனு பாருங்க. ஜூன், ஜூலை, ஆகஸ்ட்னு வரிசையா இருந்தா விட்டுடுங்க. அதே மாதிரி, தப்பா ஏத்திட்டு ரத்து பண்ணி மறுபடி ஏத்தின வரிகளும் வரும். ரத்தான என்ட்ரியையும் அதோட ஜோடியையும் தேட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கழிச்சுடணும்.

எனக்கு முதல் ஓட்டத்துல ரெண்டு வலையிலும் சேர்ந்து 214 வரி விழுந்துச்சு. இதையெல்லாம் கழிச்சதும் மிஞ்சினது 9 ஜோடி. பில்லைக் கையில எடுத்துப் பார்த்ததும் நிஜமான டூப்ளிகேட் ரெண்டே ரெண்டுதான். அதுல ஒண்ணுதான் நம்ம கம்ப்ரஸர்.

நிஜமா டூப்ளிகேட்தானா?

எக்ஸெல் சொல்றது சந்தேகம். உறுதி பண்ண வெளியில இருந்து ஒரு சாட்சி வேணும். அந்த சாட்சி பேரு ஜி.எஸ்.டி.ஆர்-2பி. வெண்டர்கள் எல்லாம் ஜி.எஸ்.டி. போர்ட்டல்ல "இந்தக் கம்பெனிக்கு இந்த பில் போட்டேன்"னு தாக்கல் பண்றதை வைச்சு, நம்ம கம்பெனிக்கு மாசா மாசம் தானா தயாராகிற அறிக்கை அது. அதுல பில் நம்பர் வெண்டர் டைப் பண்ணின மாதிரியே இருக்கும். எங்க கம்ப்ரஸர் பில் அதுல ஒரே ஒரு தடவைதான் இருந்துச்சு. நம்ம புத்தகத்துல ரெண்டு, அவங்க தாக்கல் பண்ணினது ஒண்ணு. கதை முடிஞ்சுது.

இதுல சுவாரஸ்யம் என்னன்னா, அக்கவுன்ட்ஸ்காரங்க மாசா மாசம் 2பி-யோட கணக்கை ஒப்பிடும்போதே 8,370 ரூபாய் ஜோடி சேராம நின்னிருக்கு. "வெண்டர் இன்னும் தாக்கல் பண்ணல போல, அடுத்த மாசம் பண்ணுவார்"னு ஒரு லிஸ்ட்டுல போட்டு வைச்சிருக்காங்க. அடுத்த மாசமும் அதே லிஸ்ட்டு. இல்லாத பில்லை வெண்டர் எப்படித் தாக்கல் பண்ணுவார்? ரெண்டு மூணு மாசத்துக்கு மேல அந்த லிஸ்ட்டுலயே தங்கியிருக்கிற வரிகளைப் பார்த்தா டூப்ளிகேட் தானா வந்து கையைப் பிடிக்கும்.

வெண்டர்கிட்ட அவர் புத்தகத்துல இருக்கிற நம்ம கணக்கோட காப்பியைக் கேட்டாங்க. அதுல 54,870 "கூடுதலா வந்தது"னு பளிச்னு இருந்துச்சு. "யாரும் கேக்கலையே சார், அட்வான்ஸ்னு நினைச்சேன்"னாராம். அடுத்த பில்லுல கழிச்சுக்கிட்டாங்க.

கேஸ் நம்பர் 2: நாலு ஆர்டர், ஒரு வண்டி

இப்போ உடைஞ்ச பில். எங்க ஃபேக்டரி ரூல் இது: வரியோட சேர்த்து 50,000 ரூபாய் வரைக்கும் பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட்டே ஆர்டர் போட்டுக்கலாம். அதுக்கு மேல போனா மூணு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்கணும், பிளான்ட் ஹெட் கையெழுத்து வேணும்.

இது கம்பெனிக்கு மட்டும் இருக்கிற தலைவலி இல்ல. மத்திய அரசோட பொது நிதி விதிகள் 2017-லயும் 157-வது விதி இதைத்தான் சொல்லுது. மேலதிகாரி அனுமதியையோ, போட்டி ஏலத்தையோ தவிர்க்கிறதுக்காக ஒரு தேவையைச் சின்னச் சின்னதா உடைச்சு வாங்கக் கூடாதுன்னு.

தேடுற வழி இது. ஆர்டர் ஷீட்டுல A-ல வெண்டர், B-ல பொருள் கேட்ட டிபார்ட்மென்ட், D-ல ஆர்டர் தொகை, E-ல ஆர்டர் தேதி:

```
=SUMIFS(D:D,A:A,A2,B:B,B2,D:D,"<=50000",E:E,">="&E2,E:E,"<="&E2+10)
```

அதாவது, இந்த ஆர்டர்ல இருந்து பத்து நாளுக்குள்ள, அதே வெண்டருக்கு அதே டிபார்ட்மென்ட் போட்ட சின்ன ஆர்டர்களோட கூட்டுத்தொகை. ஒவ்வொண்ணும் எல்லைக்குள்ள இருக்கும், கூட்டினா எல்லையைத் தாண்டும். அப்படிப்பட்டதுதான் நமக்கு வேணும். மாசக் கணக்கா கூட்டக் கூடாதானு கேட்டா, கூடாது. ஜனவரி 31-ம் தேதி ஒண்ணு, பிப்ரவரி 1-ம் தேதி ஒண்ணுன்னு போட்டா தப்பிச்சிடுவாங்க. ஒவ்வொரு ஆர்டர்ல இருந்தும் பத்து நாள் எண்ணினா எங்க ஓடுறது?

எல்லையை எதை வைச்சு அளக்கிறாங்கன்னும் முதல்லயே தெரிஞ்சுக்கணும். வரியோட சேர்த்தா, வரி இல்லாமலா? எங்க ரூல் வரியோட. வரி இல்லாத தொகை இருக்கிற காலத்தை எடுத்துப் பார்த்தா, 49,560 ரூபாய் ஆர்டர் 42,000-னு தெரியும். எல்லையை ஒட்டி நிக்கிற விஷயமே கண்ணுல படாது.

மாட்டினது எலெக்ட்ரிக் கேபிள். 2025 ஜனவரி 6, 7, 9, 10 தேதிகள்ல நாலு ஆர்டர். 48,144... 46,728... 49,560... 46,728. மொத்தம் 1,91,160 ரூபாய். ஒண்ணுகூட அரை லட்சத்தைத் தாண்டல, ஒண்ணுகூட ரொம்பத் தள்ளியும் நிக்கல.

சரி, கொடி காட்டிடலாமா? இருங்க. இங்கதான் எங்க ரிவ்யூவர் மேடம் ஒரு வரி சொன்னாங்க. "தம்பி, பில்லு உடையறது வேற, தேவை உடையறது வேற. முதல்ல எது உடைஞ்சுருக்குனு பாரு."

யோசிச்சுப் பாருங்க. ரெண்டு லட்சத்துக்கு முறையா கொட்டேஷன் வாங்கி, பிளான்ட் ஹெட் கையெழுத்தோட ஒரே ஆர்டர் போட்டாச்சு. வெண்டர் நாலு தவணையா சரக்கு அனுப்பி நாலு பில் போடுறார். அதுல தப்பே இல்ல. வருஷம் முழுக்க ஒரே விலைன்னு ஒப்பந்தம் போட்டு, தேவைப்படும்போதெல்லாம் சின்ன ஆர்டர் விட்டாலும் தப்பு இல்ல. ஏன்னா அனுமதி மொத்தத்துக்கும் ஏற்கெனவே வாங்கியாச்சு. நாலு மெஷின் நாலு நாள்ல பழுதாகி, நாலு பேர் தனித்தனியா கேபிள் கேட்டிருந்தாலும் அது உடைப்பு இல்ல. ஒரே தேவையை ஆர்டர் லெவல்ல பிரிச்சிருந்தாத்தான் உடைப்பு.

அப்போ எந்தக் காகிதத்தைப் பாக்கணும்? ஆர்டருக்கும் முந்தின காகிதம். இண்டென்ட். "எனக்கு இது வேணும்"னு டிபார்ட்மென்ட் எழுதிக் குடுக்கிறது. அதைத் தேடி எடுத்தோம். ஜனவரி 3-ம் தேதி, ஒரே இண்டென்ட், 1,350 மீட்டர் கேபிள். நாலு ஆர்டரையும் கூட்டினா 340, 330, 350, 330. மொத்தம் 1,350 மீட்டர். மீட்டர் பிசகல.

அடுத்து வெண்டர் பில்லு. நம்பர் 211, 212, 213, 214. நடுவுல வேற யாருக்கும் அவர் ஒரு பில்லுகூடப் போடல. நாலும் ஒரே தேதி, ஜனவரி 11. அடுத்து கேட்ல இருக்கிற செக்யூரிட்டி ரெஜிஸ்டர். ஜனவரி 11-ம் தேதி, அந்த வெண்டர் பேர்ல ஒரே ஒரு வண்டி, ஒரே ஒரு என்ட்ரி. கம்ப்யூட்டர்ல நாலா இருக்கிற விஷயம், கேட்ல பேனாவுல எழுதின நோட்டுல ஒண்ணாத்தான் இருந்துச்சு.

இதுல தப்பு யாரு?

இந்தக் கேள்விதான் வயித்தைக் கலக்கும். நாலு ஆர்டரையும் சாஃப்ட்வேர்ல போட்ட யூஸர் ஐ.டி. ஒரே ஆள். பர்ச்சேஸ்ல இருக்கிற ஒரு அக்கா. கான்ட்ராக்ட் ஊழியர். எக்ஸெல் ஷீட்டுல அவங்க ஐ.டி. நாலு வரியிலயும் பளபளன்னு நிக்குது. ஷீட்டை மட்டும் பாக்குறவங்க என்ன முடிவுக்கு வருவாங்க? ஆனா, "இதை நாலாப் போடு"னு சொன்னது அவங்களா, அவங்களுக்கு மேல இருக்கிறவரா? அது எக்ஸெல்லுக்குத் தெரியாது. ஒரு செல்லுல நாம போடுற வார்த்தையால ஒருத்தங்களோட கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படாமப் போகலாம்.

அதனாலேயே மேடம் முதல் நாளே குடுத்த ஃபார்மட்டுல ஆள் பேருக்குக் காலமே கிடையாது. என்ன பார்த்தோம், எந்தக் காகிதங்கள், எந்த ரூல்ல மாட்டுது, எவ்வளவு தொகை, நல்ல காரணம் இருக்க முடியுமானு எதையெல்லாம் சரி பார்த்தோம், எதை இன்னும் பார்க்கல. இந்த ஆறுதான். "மோசடி", "வேணும்னே" இந்த மாதிரி வார்த்தைகளுக்குத் தடை. வேணும்னே செஞ்சாங்களானு முடிவு பண்றது கொடி காட்டுறவன் வேலை இல்லை, ஆளைக் கூப்பிட்டுப் பேசப் போற ரிவ்யூவர் வேலை.

கேபிளுக்கு நான் எழுதிக் குடுத்த குறிப்பு இப்படி இருந்தது:

"ஒரே இண்டென்டின் 1,350 மீட்டர் கேபிள், 5 நாட்களில் 4 ஆர்டர்களாகப் போடப்பட்டுள்ளது. ஒவ்வொன்றும் ரூ. 50,000-க்குக் கீழ், மொத்தம் ரூ. 1,91,160. பில்கள் 211 முதல் 214 வரை தொடர் எண்கள், ஒரே தேதி. கேட் ரெஜிஸ்டரில் ஒரே வண்டி. விலை ஒப்பந்தம் இல்லை, அவசரக் கொள்முதல் அனுமதியும் கோப்பில் இல்லை. வரி நீங்கலாக விலை மீட்டருக்கு ரூ. 120, முந்தைய ஆண்டு கொட்டேஷன் வாங்கிய விலை ரூ. 108. இடையில் செம்பு விலை மாறியதா என்று பார்க்கவில்லை. கேபிள் பயன்படுத்தப்பட்டதா என்று நேரில் பார்க்கவில்லை."

அந்தக் கடைசி ரெண்டு வரி ரொம்ப முக்கியம். மீட்டருக்கு 12 ரூபாய் வித்தியாசம், 1,350 மீட்டருக்கு 16,200 ரூபாய். உடனே "கம்பெனிக்கு 16,200 நஷ்டம்"னு எழுதத் தோணும். ஆனா கேபிள் விலை செம்பு விலையோட ஏறி இறங்கும். அதே வாரத்துல மத்த கடையில என்ன விலைனு தெரியாம அதை நஷ்டம்னு சொல்ல முடியாது. பார்க்காததைப் பார்க்கலைனு எழுதினாத்தான், ரிவ்யூவர் எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு அவங்களுக்குத் தெரியும்.

மேடம் நேர்ல போனாங்க. கேபிள் மொத்தமும் மெஷின் ஷாப்புல இழுத்து மாட்டியிருந்துச்சு. பொங்கலுக்கு ஃபேக்டரி மூடுற நாட்கள்ல மட்டும்தான் அந்த வயரிங் வேலையைச் செய்ய முடியும். ஆனா இண்டென்டே ஜனவரி 3-ம் தேதிதான் வந்திருக்கு. மூணு கொட்டேஷன் வாங்கி முடிக்க ரெண்டு வாரம் ஆகும், பொங்கலோ 14-ம் தேதி. "வேற வழி தெரியல மேடம், மேல கேட்டுட்டுத்தான் நாலாப் பிரிச்சோம்"னு பர்ச்சேஸ் தலைமையில இருந்தவரே சொல்லிட்டார். ஐ.டி. யாரோடதோ, முடிவு அவங்களோடது இல்ல.

அப்போ தப்பே இல்லையா? இருக்கு. அவசரத்துக்குன்னு அதே ரூல் புத்தகத்துல தனி வழி இருக்கு. காரணம் எழுதி பிளான்ட் ஹெட்கிட்ட ஒரே கையெழுத்து வாங்கினா கொட்டேஷன் இல்லாமலே வாங்கலாம். அந்த வழியில போயிருந்தா 120 ரூபாய் விலையை அவர் ஒரு தடவை கண்ணால பார்த்திருப்பார். நாலாப் பிரிச்சதால யாருமே மொத்தத் தொகையைப் பார்க்கல. ரிப்போர்ட்டுல அதுதான் போச்சு. கூடவே ஒரு மாற்றமும்: ஒரு இண்டென்டுக்குப் போடுற எல்லா ஆர்டரையும் சாஃப்ட்வேர் கூட்டிப் பார்த்து, கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டினா அங்கேயே நிறுத்தும். இனிமே பத்து நாள், பதினைஞ்சு நாள் கணக்கெல்லாம் எண்ண வேண்டியதில்ல.

ஆனா இதுக்கும் ஓட்டை இருக்கு பாஸ். நாளைக்கு இண்டென்டையே நாலா எழுதினா? அப்போ பழையபடி கேட் நோட்டுதான் கதி. அதே மாதிரி ஆர்டரை மூணு வேற வேற வெண்டர் பேர்ல பிரிச்சுப் போட்டா, வெண்டரை வைச்சுத் தேடுற என் ஃபார்முலா கண்ணை மூடிக்கும். அங்க பான் நம்பர்கூட வேற வேறயா இருக்கலாம். வெண்டர் லிஸ்ட்டுல பேங்க் அக்கவுன்ட் நம்பரை வரிசைப்படுத்திப் பார்த்தா, மூணு கடைக்கும் பணம் ஒரே அக்கவுன்ட்டுக்குப் போறது சில நேரம் தெரியும். ஆளாளுக்குத் தனி அக்கவுன்ட் வைச்சிருந்தா அதுவும் தெரியாது.

பர்ச்சேஸ், அக்கவுன்ட்ஸ் பக்கம் இன்டர்ன்ஷிப் போறவங்க யாராவது இருந்தா, முதல் நாளே ரெண்டு விஷயம் கேட்டு வாங்கிடுங்க. ஒண்ணு, கம்பெனியோட கொள்முதல் அதிகார எல்லைப் பட்டியல். இன்னொண்ணு, கேட்ல இருக்கிற அந்தப் பழைய நோட்டைப் புரட்டிப் பார்க்க அனுமதி. முதலாவது இல்லாம எதை உடைச்சாங்கன்னே தெரியாது. ரெண்டாவது இல்லாம உடைச்சதை நிரூபிக்க முடியாது.

அடுத்த வாரம் வேற ஒரு வேலையோட சந்திப்போம். வர்ட்டா!